லேபிள் இல்லாத மலிவு க்ரீம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தையில் பெயரில்லாமல் சுற்றும் க்ரீம்கள் பல வகை. இங்கே முகத்தை வெளுப்பாக்கும், கரும்புள்ளி போக்கும் என்று விற்கப்படுபவை பற்றி மட்டும் பேசுகிறேன். ஆபத்து அதிகம் இருப்பதும், கேள்விகள் அதிகம் வருவதும் அவற்றைப் பற்றித்தான்.

டப்பால கம்பெனி பேரும் இல்ல, பேட்ச் நம்பரும் இல்ல. ஆனா ஒரே வாரத்துல முகம் பளிச்சுனு ஆயிடுச்சு. நல்லா வேலை செய்யற க்ரீமை ஏன் சந்தேகப்படணும்?

அந்த ஒரு வாரம்தான் சந்தேகத்துக்கே காரணம். தோலின் மேல் அடுக்கு முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் ஒரு மாதம் ஆகும். அதனால் நிறத்தை மெதுவாகக் குறைக்கும் நேர்மையான பொருள் எதுவாக இருந்தாலும் பலன் தெரிய வாரக்கணக்கில், பல நேரம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அஞ்சாறு நாளில் முகம் வெளுத்து, பருவும் அடங்கி, சிவப்பும் மறைந்தால் அந்த டப்பாவில் இரண்டு பொருள்களில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம்: பாதரசம், அல்லது வீரியமான ஸ்டீராய்டு. சில நேரம் இரண்டுமே இருக்கும். இவற்றோடு ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பு மருந்தையும் அளவு பார்க்காமல் சேர்ப்பார்கள்.

பேட்ச் எண் இல்லை என்பதால் மட்டும் ஒரு க்ரீம் விஷமாகிவிடாது. அதில் என்ன இருக்கிறது என்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை, அவ்வளவுதான். வேகமான பலனும் அதோடு சேர்ந்துகொண்டால் நான் தயங்கவே மாட்டேன், அந்த டப்பாவை மூடி வைத்துவிடுவேன்.

பாதரசம் எப்படி வெளுப்பாக்குது?

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதை உருவாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், அந்த நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியின் வேலையைக் கெடுத்துவிடுகிறது. நிறம் குறைவது அதனால்தான், எனவே விற்பவர் சொல்வது முழுப் பொய் அல்ல. போட்ட இடத்தோடு பாதரசம் நின்றுவிடுவதில்லை என்பதுதான் பிரச்சினை. தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. ஒரு பகுதி ஆவியாகி மூச்சிலும் போகிறது.

அளவைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தம் 2013-இல் கையெழுத்தானபோது அழகு சாதனங்களுக்கு வைத்த வரம்பு 1 பிபிஎம், அதாவது ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம். பிறகு 2023-இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகு சாதனம் எந்த அளவிலும் கூடாது என்று முடிவெடுத்து 2025-ஐக் கெடுவாக வைத்தன. ஆனால் கள்ளத்தனமாக விற்கப்படும் க்ரீம்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் சர்வசாதாரணம், 10,000-ஐத் தாண்டியவையும் பிடிபட்டிருக்கின்றன. 10,000 பிபிஎம் என்றால் நூற்றில் ஒரு பங்கு. 30 கிராம் டப்பா ஒன்றில் 300 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பழைய வரம்புக்குள் அடங்கிய டப்பாவாக இருந்தால் 0.03 மில்லிகிராம்தான் இருந்திருக்கும். தவறுதலாகக் கலந்துவிட்டது என்று சொல்லக்கூடிய வித்தியாசமா இது?

சிறுநீரகம் கெட்டுப்போகும்னு சொல்றது பயமுறுத்தறதுக்கா?

இல்லை. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்துச் சிறுநீரக மருத்துவர்கள் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சிறுநீரில் புரதம் கசியும் மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற நோயோடு 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது, வழக்கமாக அபூர்வமாகவே காணப்படும் ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் போட்டதாகச் சொன்னார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது.

எனவே இப்படிப்பட்ட க்ரீம் போடுபவருக்குக் காலையில் கண் இமையோ மாலையில் கணுக்காலோ வீங்கினால், சிறுநீரில் சோப்பு நுரை போல நுரை நின்றால், முகத்தைப் பற்றிக் கவலைப்படும் கட்டம் தாண்டிவிட்டது. கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவையும் பாதரசத்தின் அறிகுறிகள். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றை எல்லோரும் வேலைச்சுமை என்றுதான் நினைப்பார்கள்.

பேட்ச் நம்பர் இருந்தா போதுமா? அதைக்கூட சும்மா அச்சடிக்கலாமே?

அச்சடிக்கலாம், அடிக்கவும் செய்கிறார்கள். அதனால் எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது எப்படி அச்சாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

அட்டைப்பெட்டி, டியூப், டப்பா எல்லாம் ஒரு அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி தயாராகும். ஒரு முறை கலந்து காய்ச்சிய க்ரீமுக்கு ஒரு பேட்ச் எண். அந்த எண்ணும் தயாரித்த, காலாவதியாகும் தேதிகளும் நிரப்பும் நேரத்தில்தான் தெரியவரும். அதனால் நேர்மையான தயாரிப்பில் அவை பெரும்பாலும் பிறகு தனியாகப் பதிக்கப்பட்டிருக்கும். புள்ளிப் புள்ளியான கறுப்பு மையில், கொஞ்சம் கோணலாக, மற்ற எழுத்துகளின் வரிசைக்குள் உட்காராமல் இருக்கலாம். லேசரால் சுரண்டியது போலவும் இருக்கலாம். டியூபாக இருந்தால் மடித்து ஒட்டிய அடிமுனையில் அழுத்திப் பதித்திருப்பார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கொஞ்சம் அசிங்கமாக இருக்கும் எண்தான் நல்ல எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போலிகளில் பல நேரம் பேட்ச் எண்ணும் தேதியும் பெட்டியின் வடிவமைப்போடு சேர்ந்தே, அதே மையில், அதே எழுத்தில் பளபளவென்று அச்சாகியிருக்கும். அப்படியென்றால் அந்த அச்சகத்திலிருந்து வந்த எல்லாப் பெட்டிக்கும் ஒரே பேட்ச். சென்ற வருடம் வாங்கிய காலிப் பெட்டியை எடுத்து இப்போது வாங்கியதோடு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே எண், அதே தேதி இருந்தால் சந்தேகப்பட அதுவே போதும்.

அடுத்து, பெட்டியில் இருக்கும் எண்ணும் உள்ளே டப்பாவில் இருக்கும் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். தேதி இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். இறக்குமதி விவரத்துக்காக ஒட்டும் ஸ்டிக்கரில் தவறில்லை. பழைய தேதிக்கு மேலேயே ஒட்டியிருந்தால்தான் கவலை. தயாரிப்பாளரின் பெயர் மட்டும் இருந்து முழு முகவரி இல்லாமலிருப்பது, உற்பத்தி உரிம எண் கேட்கும் நாட்டில் அது இல்லாமலிருப்பது, உட்பொருள் பட்டியலே இல்லாமல் "மூலிகை", "முத்துச் சாறு" என்று விளம்பர வரி மட்டும் இருப்பது, இவையெல்லாம் ஒரே ரகம்தான்.

உட்பொருள் பட்டியல் இருக்கு. அதுல எதைத் தேடணும்?

பாதரசத்தை அந்தப் பெயரிலேயே யாரும் எழுதமாட்டார்கள். கேலமல், மெர்க்குரஸ் குளோரைடு, மெர்க்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்க்குரி, அல்லது வெறும் Hg என்று இருக்கலாம். ஸ்டீராய்டுகளில் குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுவோசினோனைடு ஆகியவற்றைத் தேடுங்கள். சில டப்பாக்களில் இன்னொரு விசித்திரமான குறிப்பு இருக்கும்: "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மீது படாமல் பார்த்துக்கொள்ளவும்." சாதாரண முக க்ரீமுக்கு நகையைக் கழற்றச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பாதரசம் இந்த உலோகங்களோடு சேர்ந்துகொள்ளும் என்பது தயாரித்தவருக்குத் தெரியும், அதனால்தான் அந்த எச்சரிக்கை.

பட்டியலில் இவை எதுவும் இல்லை என்பதால் உள்ளேயும் இல்லை என்று ஆகாது. சட்டத்துக்குப் புறம்பாகச் சேர்ப்பவர் அதைப் பட்டியலில் எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எனக்கு தெரிஞ்சவங்க ஊருக்குப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வந்தாங்க. பெரிய பிராண்ட் டப்பாதான். அப்ப கவலை இல்லல்ல?

டப்பா பெரிய பிராண்டுடையதாக இருக்கலாம், உள்ளே இருப்பதும் அவர்களுடையதுதானா என்பதே கேள்வி. 2019-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 47 வயதுப் பெண் ஒருவர் கைகளில் மரத்துப்போன உணர்வும் பலவீனமுமாக மருத்துவமனைக்கு வந்தார். பிறகு பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. இரண்டு வாரத்துக்குள் நினைவு தடுமாறும் நிலைக்குப் போனார். ரத்தத்தில் பாதரசம் லிட்டருக்கு 2,620 மைக்ரோகிராம் இருந்தது. சாதாரணமாக 5-க்குக் கீழேதான் இருக்கும்.

ஏழு வருடமாகத் தினம் இரண்டு வேளை அவர் ஒரு வெளுப்பு க்ரீம் போட்டுவந்தார். அது மெக்ஸிகோவிலிருந்து ஒரு தெரிந்தவர் மூலமாக வந்தது. டப்பாவில் இருந்தது பிரபலமான பிராண்டின் லேபிள். உள்ளே இருந்த க்ரீமில் பாதரசம் 12,000 பிபிஎம். அதுவும் வழக்கமாகக் கிடைக்கும் கனிம உப்பு இல்லை, மூளையைத் தாக்கும் மெத்தில் மெர்க்குரி. தயாரித்தவர் அல்ல, நடுவில் யாரோ அதைக் கலந்திருந்தார்கள் என்றுதான் விசாரித்தவர்கள் கருதினார்கள்.

அதனால் மூடிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தாளோ, பெட்டியைச் சுற்றிய சுருக்க உறையோ கிழியாமல் இருக்கிறதா என்பது லேபிளைப் போலவே முக்கியம். தெரிந்தவர் கொண்டுவந்தால் முதலில் சீலைப் பாருங்கள். கொண்டுவந்தவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு விற்றவரை உங்கள் இருவருக்குமே தெரியாது.

முழங்கைக்கு உள்பக்கம் போட்டு பேட்ச் டெஸ்ட் பண்ணேன். அரிப்பு, சிவப்பு எதுவும் வரல. அப்ப சேஃப்தானே?

பேட்ச் டெஸ்ட் ஒவ்வாமையைத்தான் காட்டும், நஞ்சைக் காட்டாது. ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருந்தால் நிலைமை தலைகீழ். அரிப்பையும் சிவப்பையும் அடக்குவதுதான் ஸ்டீராய்டின் வேலையே. மற்ற பொருளால் வரவேண்டிய எரிச்சலைக்கூட அது மறைத்துவிடும். ஆகவே மோசமான க்ரீம் இந்தச் சோதனையில் நல்ல க்ரீமைவிடச் சுலபமாகத் தேறலாம்.

வீட்டுலயே பாதரசம் இருக்கானு கண்டுபிடிக்க முடியுமா? மோதிரத்துல தேய்ச்சுப் பாக்கச் சொல்றாங்க.

நம்பத்தகுந்த வீட்டுச் சோதனை ஒன்றும் கிடையாது. மோதிரம் கறுக்கவில்லை என்று நிம்மதியாகிப் போடத் தொடங்குபவர்தான் இதில் நஷ்டப்படுகிறவர். பாதரச உப்பு கலந்த சில க்ரீம்கள் வெளிச்சம் பட்டால் சாம்பல் நிறமாக மாறும். மூடியோரத்தில் காய்ந்த க்ரீம் சாம்பல் பூத்திருந்தால் அது ஒரு தடயம். மாறவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் ஒளிர்வு கருவி டப்பாவைத் திறந்து வைத்த சில நிமிடத்தில் பாதரசத்தைக் காட்டிவிடும். ஸ்டீராய்டை அந்தக் கருவியால் பிடிக்க முடியாது, அதற்கு வேறு சோதனை வேண்டும்.

ஆறு மாசமா போடறேன். ரெண்டு நாள் நிறுத்தினா முகம் எரியுது, சிவந்து பரு பொங்குது. மறுபடி போட்டா அடங்குது. என் தோலுக்கு இது தேவைப்படுதோ?

நீங்கள் விவரிப்பது அப்படியே ஸ்டீராய்டு பழக்கத்தின் கதை. ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது. எடுத்ததும் அவை ஒரேயடியாக விரிகின்றன, எரிச்சலும் சிவப்பும் வருவது அதனால்தான். மறுபடி போட்டால் அடங்குவது குணமாவதல்ல, அடுத்த சுற்றின் ஆரம்பம்.

கண்ணாடி முன் நல்ல வெளிச்சத்தில் கன்னத்தையும் மூக்கோரத்தையும் பாருங்கள். மெல்லிய சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரிகின்றனவா? தோல் பளபளப்பாக மெலிந்திருக்கிறதா? கன்னத்தில் பூனைமுடி அதிகமாகியிருக்கிறதா? வாயைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்களா? இவையெல்லாம் அதற்கான அடையாளங்கள். குளோபீட்டசால் போன்ற வீரியமானதை மருத்துவர்களே பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் தொடரமாட்டார்கள், முகத்துக்குத் தவிர்ப்பார்கள். நீங்கள் ஆறு மாதம் முகத்தில் போட்டிருக்கிறீர்கள்.

டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். மாதக்கணக்கில் போட்டவர் எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடம்பில் அதிக இடத்தில் பூசியிருந்தால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியும் மந்தமாகியிருக்கலாம், அதையும் அவர் பார்ப்பார். முகம் முன்பு இருந்த நிலைக்கு வர வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பயந்து பழைய டப்பாவுக்கே திரும்பிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. கண்ணைச் சுற்றிப் பூசியிருந்தால் கண் அழுத்தத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வெளுப்பதற்குப் பதிலாகக் கன்னம் நீலம் கலந்த கறுப்பாக மாறத் தொடங்கியிருந்தால் அது பெரும்பாலும் ஹைட்ரோகுவினோனை நெடுநாள் போட்டதன் விளைவு. அதைப் போக்குவது கடினம், மேலும் க்ரீம் பூசினால் இன்னும் கறுக்கும்.

நான் மட்டும்தான் போடறேன். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?

பாதரச க்ரீமாக இருந்தால் குழந்தைக்கும் ஆகும். பூசிய கை குழந்தையைத் தூக்குகிறது, கன்னத்தோடு கன்னம் வைக்கிறது. தலையணை உறை, துண்டு, போர்வை எல்லாவற்றிலும் க்ரீம் ஒட்டுகிறது. படுக்கையறைக் காற்றிலும் ஆவி இருக்கும். தாய் மட்டும் க்ரீம் போட்ட வீடுகளில் அதைத் தொடவே தொடாத குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் கிடைத்திருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் கூடுதலாகக் கவனம் வைக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சிறுநீரில் பாதரச அளவு பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமான க்ரீம்களில் இருக்கும் பாதரச உப்புக்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான் நல்லது. நரம்புக் கோளாறு போலத் தெரிந்தால் ரத்தமும் எடுப்பார்கள். கலிஃபோர்னியாப் பெண்ணுக்கு ரத்தத்தில் அவ்வளவு இருந்தும் சிறுநீரில் லிட்டருக்கு 110 மைக்ரோகிராம்தான் இருந்தது, ஏனென்றால் மெத்தில் மெர்க்குரி சிறுநீரில் அதிகம் வெளியேறாது. இதோடு சிறுநீரில் புரதமும் பார்த்துவிடலாம்.

டப்பாவைக் குப்பைல போட்டுடலாமா?

கழுவித் தொட்டியில் விடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். எரித்தால் பாதரசம் ஆவியாகி நேராக மூச்சில் போகும். இறுக்கி மூடி, ஜிப் பையில் போட்டு, மேலே எழுதிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அபாயகரமான வீட்டுக் கழிவை வாங்கும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். அதற்கு முன் மருத்துவருக்கோ, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கோ அது சாட்சியாகத் தேவைப்படலாம், அவசரப்பட்டுத் தொலைத்துவிடாதீர்கள். க்ரீம் ஊறிய தலையணை உறையையும் துண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

பார்லர்ல ரெண்டு மூணு க்ரீம் கலந்து சின்ன டப்பால போட்டுத் தராங்க. அது?

வேண்டாம். அந்த "கலவை"யில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு டியூப். பிரித்து நிரப்பிய டப்பாவில் பேட்ச், தேதி, பாதுகாப்புப் பொருள் எதற்கும் கணக்கு இருக்காது, கிருமியும் சேரும்.

ஆன்லைன்ல வாங்கும்போது டப்பாவைக் கையில வாங்கிப் பாக்க முடியாதே. எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் படத்தைத் தேடுங்கள். உட்பொருள் பட்டியல், முகவரி, தேதி தெரியும் படம் ஒன்றுகூட இல்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். விற்பவரிடம் "உங்கள் கையில் இருக்கும் டப்பாவின் பேட்ச் எண்ணையும் தேதியையும் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான கையிருப்பு உள்ளவருக்கு இது அரை நிமிட வேலை. மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது.

விற்பனைத் தளத்தின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அதே தளத்தில் யார் வேண்டுமானாலும் கடை போட முடியும். விற்பவர் பெயர் தயாரிப்பாளரா, அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரா என்று பாருங்கள். கருத்துகளில் "மூணே நாளில் வெளுத்துட்டேன்" என்று புகழ்வதை எச்சரிக்கையாகவும், "நிறுத்தினதும் முகம் எரியுது" என்பதைச் சான்றாகவும் படியுங்கள். க்ரீம் பெயரோடு பாதரசம், திரும்பப் பெறுதல் என்று சேர்த்துத் தேடினால் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் எச்சரிக்கைப் பட்டியல்கள் கிடைக்கும். பெயரை மாற்றி மறுபடி வருவார்கள் என்பதால் பட்டியலில் இல்லாதது மட்டும் நற்சான்று ஆகாது.

வந்து சேர்ந்ததும் பிரிக்கும் முன் பெட்டி, சீல், பேட்ச் எண் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டப்பா தீரும்வரை பெட்டியை எறியவேண்டாம். திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதுங்கள். லேபிளில் உள்ள திறந்த டப்பாப் படத்தில் 12M என்று இருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள், காலாவதி தேதியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விலை குறைவுன்னாலே மோசம்னு சொல்றீங்களா?

இல்லை. முகவரியும் பேட்ச் எண்ணும் உட்பொருளும் ஒழுங்காக உள்ள சாதாரண மாய்ஸ்சரைசர் மலிவாகவே கிடைக்கும், நன்றாகவே வேலை செய்யும். விலை கூடிய டப்பாவிலும் பாதரசம் இருக்கலாம், கலிஃபோர்னியாவில் அந்த டப்பாவுக்கு நல்ல பெயர்தான் இருந்தது. விலையைவிட வாக்குறுதியைப் பாருங்கள். உண்மையிலேயே கரும்புள்ளி தொந்தரவு என்றால் செலவு குறைந்த வழி இருக்கிறது: தினமும் எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், அதோடு மருத்துவர் எழுதித் தரும் அசெலாயிக் ஆசிட் போன்ற ஒன்று. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம் என்று முதல் நாளே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

யாரிடம் புகார் சொல்றது? ஒரு டப்பாவுக்குப் போய் யார் கேக்கப் போறாங்க?

மருந்து, அழகு சாதனக் கட்டுப்பாட்டு அலுவலகம் உங்கள் நாட்டில் எதுவோ அங்கே. இந்த க்ரீம்கள் தொகுப்பாகத்தான் சுற்றும், ஒரே கடையிலிருந்து இருபது பேர் வாங்கியிருப்பார்கள். டப்பா, ரசீது அல்லது வாங்கிய பக்கத்தின் படம், எப்போதிலிருந்து போட்டீர்கள் என்ற குறிப்பு, பரிசோதனை முடிவு இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். டப்பாவில் பேட்ச் எண் இல்லை என்பதையும் தனியாக எழுதுங்கள். பல நாடுகளில் அப்படி விற்பதே தனிக் குற்றம், பாதரசத்தை நிரூபிக்கும்வரை அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.